மகளின் ஜிமெயிலை ரகசியமாகப் பார்த்து மாட்டிக்கொண்டேன்

"மகளுக்கு 11 வயது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு ஜிமெயில் தொடங்கிக் கொடுத்தேன். அவளுக்கு வரும் மெயில் எனக்கும் வரும்படி வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். பேசவே மாட்டேன் என்கிறாள்."

கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஃபார்வர்டிங் போட்டால் முதல் வாரம் இன்பாக்ஸ் மேலேயே அறிவிப்பு நிற்கும். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஜிமெயில் செட்டிங்ஸில் உள்ள Forwarding and POP/IMAP பக்கத்தில் அதை நிறுத்துங்கள்.

அந்தக் கணக்கை விட்டுவிட்டு, உண்மையான பிறந்த தேதியுடன், பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் கவனிக்க கூகுள் தரும் Family Link வழியே புதிது தொடங்குங்கள். பொய் வயதில் கூகுள் அவளைப் பெரியவளாகவே நடத்தும். Family Link-இல் ஆப் இறக்க உங்கள் அனுமதி வேண்டும், நேர வரம்பும் வைக்கலாம். ஆனால் மெயிலைப் படிக்க முடியாது. எனக்கு அதுதான் பிடித்தது.

பிறகு பார்ப்பது எப்படி? நாங்கள் ஞாயிறு இரவு பத்து நிமிடம் உட்காருவோம். இன்பாக்ஸை என் மகன்தான் திறப்பான். தெரியாத ஆட்களிடமிருந்து வந்ததை மட்டும் பார்ப்போம். தோழர்களின் மெயிலைத் தொடமாட்டேன். விசித்திரமாக எது வந்தாலும் காட்டலாம், அதற்காகப் போனைப் பிடுங்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பிடுங்குவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

வாட்ஸ்அப் கேட்டால், அவர்கள் விதிப்படியே தானாகக் கணக்கு தொடங்க 13 வயது ஆக வேண்டும். அதுவரை தோழிகளோடு உங்கள் போனில், உங்கள் எண்ணிலேயே பேசட்டும்.