அதிதியும் அப்பிச்சியின் சந்தேகமும்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கார்த்திகை நட்சத்திரம். அ, இ, உ, எ ஆகிய எழுத்துகளில் பெயர் தொடங்க வேண்டும் என்றார் ஜோசியர். ‘அதிதி’ என்ற பெயர் எனக்கும் கணவருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு பெயர்ப் பட்டியலில் ‘விருந்தாளி’ என்றும் இன்னொன்றில் ‘தேவர்களின் தாய்’ என்றும் பொருள் போட்டிருக்கிறார்கள். குழந்தையின் அப்பிச்சியோ, “திதி கொடுக்கிற சொல்லை வைத்தா பிள்ளையைக் கூப்பிடுவது?” என்று முகம் சுளிக்கிறார். குலதெய்வம் கோயிலில் பெயர் வைக்க நாள் குறித்துவிட்டோம். எது சரி?

ஒரு வாசகி, பெருந்துறை

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு பட்டியலும் சரிதான். அவை சொல்வது இரண்டு வெவ்வேறு பெயர்களை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

நம் ‘த’ ஒன்றுக்கு வடமொழியில் நான்கு எழுத்துகள் உண்டு. வீட்டில் பழைய ஸ்லோகப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எழுத்தின் தலையில் சின்னதாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். எண் இல்லாத ‘த’ வல்லோசை. 2 போட்டால் அதையே மூச்சுவிட்டு அழுத்திச் சொல்ல வேண்டும். 3 மெல்லோசை. அதோடு ‘தனம்’ என்பதில் வருவது போல மூச்சழுத்தமும் சேர்ந்தால் 4. அந்த முறைப்படி எழுதினால் தேவர்களின் தாய் ‘அதி³தி’, விருந்தாளி ‘அதிதி²’. எண்களை எடுத்துவிட்டால் வேறுபாடு போய்விடும். நம் பேச்சிலும் உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் ‘த’ தானாகவே மெலிந்துவிடுவதால், காதால் கேட்டும் பிரிக்க முடியாது.

இனி அப்பிச்சியின் சந்தேகம். அவர் சொல்லும் திதி, ‘திதி²’. அமாவாசை, அஷ்டமி, ஏகாதசி எல்லாமே திதிகள்தாம். இறந்தவருக்கு அவர் இறந்த திதியில் செய்வதால் அந்தச் சடங்குக்கும் அதே பெயர் வந்தது. விருந்தாளியைக் குறிக்கும் சொல்லை, ‘திதி பார்க்காமல் வருபவர்’ என்று பிரித்துப் பொருள் சொல்லும் மரபு உண்டு. ‘திரிதல்’ என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் அவருடைய சந்தேகம் விருந்தாளியோடு நின்றுவிடுகிறது. தேவர்களின் தாய்க்கும் அந்தத் திதிக்கும் உறவே இல்லை.

அவள் பெயரில் இருப்பது ‘கட்டுதல்’ என்று பொருள்படும் வேர். முன்னால் நிற்கும் ‘அ’ மறுப்பு. கட்டில்லாதவள், எல்லையற்றவள் என்பது பொருள். ரிக் வேதத்திலேயே வருகிறாள். புராணத்தில் காசியபரின் மனைவி, இந்திரனுக்கும் வாமனனுக்கும் தாய். அதே காசியபரின் இன்னொரு மனைவி திதி, தைத்தியர்களின் தாய். (அப்பிச்சி புராணம் அறிந்தவரானால் அடுத்து இதைக் கேட்பார். ‘அசுரரைப் பெற்றவள் அல்லாதவள்’ என்று சொல்லிச் சமாளிக்கலாம்.) அதிதியின் முதல் உயிரை நீட்டினால் ‘அவள் பெற்றவன்’ என்றாகும்: ஆதித்யா. ஜனகன் மகள் ஜானகி ஆனதும் பர்வதத்தின் மகள் பார்வதி ஆனதும் இப்படித்தான்.

இந்தச் சிக்கல் உங்கள் பெயருக்கு மட்டும் உரியதல்ல. சுதா என்பது ஒரு ‘த’வில் அமுதம், இன்னொரு ‘த’வில் மகள். ‘ப’வும் இப்படித்தான். பாலமுருகனின் ‘பால’ குழந்தை, தனபாலின் ‘பால்’ காப்பவன். ஆகவே எந்தப் பெயரானாலும் இந்தி எழுதத் தெரிந்த ஒருவரிடம் பட்டியலில் உள்ள பொருளையும் சொல்லி நாகரி எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். வடசொல்லானால் அதன் மூலத்தை ரோமன் எழுத்தில், ஒலி வேறுபாடு தெரியும்படி கொடுத்திருப்பார்கள். அங்கே இல்லையென்றால் பெயரைப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் தேடுங்கள். ஒரு துண்டுக்குக்கூடப் பொருள் அகப்படவில்லை என்றால், பட்டியல்காரர் பொருளைத் தானே எழுதிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ஆங்கில எழுத்து. தமிழ் மறைக்கும் வேறுபாடு அங்கே வெளியே வந்துவிடும். Athithi என்று பதிந்தால் வடமொழி தெரிந்தவர் விருந்தாளி என்றுதான் படிப்பார். Aditi அகராதிப்படி சரி, ஆனால் நம் ஊர் வகுப்பறையில் அதை ‘அடிட்டி’ என்று கூப்பிட ஆள் இருக்கும். தென்னிந்தியாவில் ‘த’வுக்கு th எழுதும் வழக்கப்படி Adithi என்று எழுதுங்கள். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். எண் கணிதக்காரர் இன்னொரு h சேர்க்கச் சொன்னால் எங்கே சேர்க்கிறார் என்று பாருங்கள். d-க்குப் பக்கத்தில் விழுந்தால் வேரே மாறிவிடும்.

அவசரம் வேண்டாம். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். ஏறிய எழுத்தைத் திருத்துவதுதான் அலைச்சல். கோயிலில் பெயரை வைத்துவிடுங்கள், ஆங்கில எழுத்தை மட்டும் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு பதிவுக்குக் கொடுங்கள்.