ஏசி விசாரித்த சாட் எங்கே போனது?

கேள்வி: கரண்ட் பில் ஏன் ஏறுது என்று ஒரு ஏ.ஐ. சாட் செயலியில் கேட்கப்போய், பேச்சு புது ஏசி வாங்குவதில் முடிந்தது. 1.5 டன் வாங்கச் சொன்னது. நாலு நாள் கழித்து அந்த சாட்டைக் காணோம். புதிதாகக் கேட்டால் 1 டன் போதும் என்கிறது. மாதச் சந்தா கட்டினால் பழைய சாட் தொலையாமல் இருக்குமா?

பதில்: சந்தாவை விடுங்கள், அது தொலைந்திருக்காது. பட்டியலில் ‘மின்கட்டணத்தைக் குறைக்கும் வழிகள்’ என்கிற மாதிரி ஒரு தலைப்பு இருக்கிறதா பாருங்கள், அநேகமாக அதற்குள்தான் உங்கள் ஏசி இருக்கும்.

இந்தத் தலைப்பைச் செயலியே வைக்கிறது. பெரும்பாலும் உங்கள் முதல் கேள்வியையும் அதற்கு வந்த முதல் பதிலையும் வைத்து நாலைந்து வார்த்தையில் ஒரு பெயர் போட்டுவிடும், அப்புறம் பேச்சு எங்கே திரும்பினாலும் அந்தப் பெயர் பொதுவாக மாறாது. ‘வணக்கம், ஒரு சந்தேகம்’ என்று ஆரம்பிப்பவர்கள் பாடு இன்னும் மோசம். நீங்கள் ‘ஏசி’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று புதிதாக ஆரம்பித்திருப்பீர்கள். இப்போது அந்தப் புதியதற்கு ‘ஏசி தேர்வு’ என்று பொருத்தமான பெயர் கிடைத்திருக்கும், அடுத்த முறையும் அதைத்தான் திறப்பீர்கள், விவரமெல்லாம் உள்ள பழையது கீழே போய்க்கொண்டே இருக்கும்.

பதில் மாறியதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்று மட்டும் சொன்னால் 1 டன் என்பதுதான் வழக்கமான கணக்கு. மேலே மொட்டை மாடி, மேற்கு வெயில் சுவரில் அடிக்கிறது என்றால் 1.5 டன் சொல்வார்கள். முதல் தடவை இதையெல்லாம் சொல்லியிருப்பீர்கள், இரண்டாவது தடவை சொன்னதாக நினைத்து விட்டிருப்பீர்கள். பழைய பேச்சை நினைவில் வைக்கும் வசதி சில செயலிகளில் உண்டுதான், ஆனால் எல்லா விவரத்தையும் அது கொண்டுவரும் என்று நம்ப வேண்டாம்.

தேடும்போது ‘ஏசி’ என்று போடாமல் ‘மொட்டை மாடி’ மாதிரி அந்தப் பேச்சில் மட்டும் வந்திருக்கக்கூடிய சொல்லைப் போடுங்கள். நீங்கள் அன்றைக்கு AC என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால் தமிழில் தேடினால் சிக்காமல் போகலாம். சில செயலிகள் தலைப்பில் மட்டுமே தேடும், அங்கே தேதியை வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் வழி. வேறு மெயில் ஐடியில் நுழைந்திருக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கிடைத்ததும் தலைப்பை அழுத்திப் பிடித்து (கணினியில் பக்கத்திலுள்ள மூன்று புள்ளி) Rename கொடுத்து ‘ஏசி, மாடி ரூம், மே’ என்று மாற்றிவிடுங்கள். இரண்டாவது சாட்டில் விலை ஏதாவது விசாரித்திருந்தால் அந்த விவரத்தை இதில் ஒட்டிவிட்டு அந்த சாட்டை நீக்கிவிடலாம். சந்தா கட்டினாலும் தலைப்பு வைக்கும் முறை இதேதான், இதற்காக அந்தச் செலவு வேண்டாம்.