ஏறியது 1 சதவீதமா, 12.5 சதவீதமா?

கேள்வி: 10 லட்சம் கடன், 20 வருடத் தவணை. வட்டி 8 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக ஏறிவிட்டது. வங்கியில் “ஒரு சதவீதம்தான் கூடியிருக்கிறது” என்கிறார்கள். நண்பரோ “12.5 சதவீதம் ஏறிவிட்டது” என்கிறார். யார் சொல்வது சரி? தேர்தல் செய்திகளிலும் எனக்கு இதே குழப்பம்தான்.

பதில்: உங்கள் நண்பர் கணக்கு சரி. வங்கி சொன்னதில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது: கூடியது ஒரு சதவீதப் புள்ளி. 9-லிருந்து 8-ஐக் கழித்தால் வருவது புள்ளி. அந்த 1-ஐப் பழைய 8-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது சதவீதம், அதாவது 12.5. நிஜமாகவே வட்டி ஒரு சதவீதம் மட்டும் ஏறியிருந்தால், இன்று அது 8.08 ஆகத்தான் இருக்க வேண்டும்!

இதனால்தான் மத்திய வங்கிகள் வட்டி மாற்றத்தை ‘அடிப்படைப் புள்ளி’ கணக்கில் அறிவிக்கின்றன. 100 அடிப்படைப் புள்ளி சேர்ந்தால் ஒரு சதவீதப் புள்ளி. 25 அடிப்படைப் புள்ளி என்றால் 0.25 சதவீதப் புள்ளி. இதில் இரண்டு அர்த்தத்துக்கு இடமில்லை.

சரி, உங்கள் கையைக் கடிப்பது எவ்வளவு? கடன் இப்போதுதான் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 8,364. 9 சதவீதத்தில் சுமார் 8,997. தவணை ஏறுவது ஏறக்குறைய 7.6 சதவீதம்; 1 சதவீதமும் இல்லை, 12.5 சதவீதமும் இல்லை. தவணையில் அசலும் கலந்திருப்பதால் இப்படி. முதல் மாத வட்டியை மட்டும் பிரித்துப் பாருங்கள்: 6,667 இருந்தது 7,500 ஆகிறது. அதுதான் நண்பரின் 12.5 சதவீதம்.

பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். அங்கேதான் கவனம் வேண்டும். அதே 8,364-ஐக் கட்டினால், முதல் மாதம் அசலுக்குப் போவது 1,697-லிருந்து 864 ஆகக் குறைகிறது, கிட்டத்தட்ட பாதி. 240 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 304 மாதம் வரை இழுக்கும். “ஒரு சதவீதம்தான்” என்று சொன்னது ஐந்து வருடத்துக்கும் மேலான கூடுதல் தவணை.

அப்புறம், தேர்தல். ஒரு கட்சியின் வாக்கு விகிதம் 40-லிருந்து 36 சதவீதமாக இறங்கினால், இழப்பு 4 சதவீதப் புள்ளி. விகிதம் சரிந்தது 10 சதவீதம். ஆனால் “பத்தில் ஒரு வாக்காளர் கைவிட்டார்” என்று சொல்லிவிட முடியாது. முன்பு பதிவானது 1,00,000 வாக்கு, இம்முறை 1,20,000 என்றால், கட்சிக்கு அன்று கிடைத்தது 40,000, இன்று 43,200. விகிதம் இறங்கியும் வாக்கு ஏறியிருக்கிறது. 2-லிருந்து 4 சதவீதமான சிறு கட்சி “நூறு சதவீத வளர்ச்சி” என்று போஸ்டர் ஒட்டும். கணக்குப்படி பொய்யில்லை, கூடியது இரண்டே புள்ளி.

செய்தியில் “5 சதவீதம் உயர்வு” என்று மட்டும் இருந்தால், பழைய எண்ணும் புதிய எண்ணும் எங்கே என்று தேடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அது எந்த ஐந்து என்று எனக்கும் சொல்லத் தெரியாது.