தேமா போய்ப் புளிமா

அன்புள்ள ஐயா,

ஷார்ஜாவில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாலை வகுப்பில் அரபு படிக்கிறேன். வாசிப்பும் வினைச்சொற்களும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. பன்மையில்தான் விழுகிறேன். கிதாப் (புத்தகம்) என்றால் குதுப், கலம் (பேனா) என்றால் அக்லாம், பைத் (வீடு) என்றால் புயூத். ஒன்றைப் போல் ஒன்றில்லை. நோட்டில் அகரவரிசையில் எழுதி உருப்போடுகிறேன். வாரம் திரும்பினால் மறந்துவிடுகிறது. ஒழுங்கே இல்லாத இதை எப்படித்தான் நினைவில் வைக்கிறார்கள்? நம் ‘கள்’ போல ஒரு விகுதி ஏன் இல்லை? நல்ல நூல் இருந்தால் சொல்லுங்கள். பேச்சு அரபு மட்டும் கற்றால் இந்தத் தொல்லை இருக்காதா?

ம., ஷார்ஜா

அன்புள்ள ம.,

யாப்பு பற்றிய கட்டுரை ஒன்றுக்காக அசை பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் குதுப், புயூத் இரண்டையும் பார்த்ததும் எனக்கு அரபு இலக்கணம் தோன்றவில்லை. ‘இரண்டும் குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்த நிரையசை’ என்றுதான் தோன்றியது. மற்றவற்றை விரைவாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நூல் எதுவானாலும் சரி, வகுப்பில் இருப்பதே போதும். அகராதி வேண்டுமென்றால் ஹான்ஸ் வேருடையது. ஒருமைக்குப் பக்கத்திலேயே பன்மையும் இருக்கும். பேச்சு அரபில் ஒளிந்துகொள்ள முடியாது. அங்கும் வீடுகள் புயூத்தான், பள்ளிகள் மதாரிஸ்தான். ‘கள்’ போன்ற விகுதியும் இல்லாமல் இல்லை. முதர்ரிஸ் (ஆசிரியர்), முதர்ரிஸூன் ஆகும். ஸய்யாரா (கார்), ஸய்யாராத் ஆகும். சொல் உடையாமல் வால் மட்டும் ஒட்டுகிற அதற்கு ஜம்உ ஸாலிம் என்று பெயர். சொல்லின் உள்ளுயிர்கள் மாறுவது ஜம்உ தக்ஸீர், உடைந்த பன்மை.

ஏன் உடைகிறது? இவற்றில் பல முதலில் பன்மையாக இல்லை, தொகுதிப் பெயர்களாக இருந்தன என்பது மொழியியலாளர் பலர் தரும் விளக்கம். ‘பல புத்தகம்’ என்று எண்ணாமல் ‘புத்தகத் திரள்’ என்று ஒன்றாகக் கண்டு, அதற்குத் தனிச் சொல் வைத்தார்கள். அதன் தடயத்தை நீங்கள் தினமும் எழுதுகிறீர்கள். கிதாப் ஜதீத் என்றால் புதிய புத்தகம். புதிய புத்தகங்கள் என்றால் குதுப் ஜதீதா. பெயரடை பெண்பால் ஒருமை! மனிதர் அல்லாதவை எத்தனை இருந்தாலும் இலக்கணத்தில் அவை ஒற்றைத் திரள். நம் உலமாக்கள் என்ற சொல்லிலும் இதே கதை. உலமா என்பதே ஆலிமின் பன்மை. நம் காதில் அது ஒரே தொகுதியாக விழுவதால் மேலே ‘கள்’ போட்டுக்கொள்கிறோம்.

அரபியர்கள் மட்டும் கண்டுபிடித்த வினோதமும் அல்ல. செங்கடலுக்கு அப்பால், எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியில் ‘பேத்’ என்ற வீடு பன்மையில் ‘அப்யாத்’ ஆகிறது. அரபிலும் பைத்துக்கு அப்யாத் என்ற பன்மை உண்டு, ஆனால் அதன் பொருள் செய்யுள் வரிகள். வீடுகளுக்குப் புயூத். ஒரே சொல்லுக்கு இரண்டு பன்மை இருப்பதைப் பார்த்து மலைக்காதீர்கள். சில இடங்களில் அது அளவைக் குறிக்கும். மூன்று முதல் பத்து வரை ஒன்று, அதற்கு மேல் வேறொன்று என்பது பழைய இலக்கணிகளின் வகுப்பு. குர்ஆனில் ஹஜ்ஜின் சில மாதங்களைச் சொல்லும் இடத்தில் ‘அஷ்ஹுர்’ (2:197). ஆண்டின் பன்னிரண்டு மாதங்களைச் சொல்லும் இடத்தில் ‘ஷுஹூர்’ (9:36).

இனி உங்களைத் திட்ட வேண்டிய இடம். ‘ஒழுங்கே இல்லாத இது’ என்று எழுதிவிட்டீர்கள். நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவர் இப்படிச் சொல்லலாமா? நீங்கள் தந்த மூன்று சொற்களும் மூன்று மெய் கொண்ட குட்டிச் சொற்கள். குழப்பம் முழுவதும் அங்கேதான் குடியிருக்கிறது. பாடநூல்களும் அவற்றையே முதல் பாடத்தில் வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துகின்றன. நான்கு மெய் கொண்ட நீளமான சொற்களிலிருந்து தொடங்கியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்துவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன்.

எனக்கு அரபு எழுத்துக்கூட்டிய ஹஜ்ரத் ஒருவர் இருந்தார். சின்ன மதரஸா, மூங்கில் தட்டி வைத்த சுவர். அவர் ஒருமையைச் சொல்லி மேசையில் ஒரு தட்டு தட்டுவார். நாங்கள் பன்மையைச் சொல்ல வேண்டும். ‘மிஃப்தாஹ்!’ (சாவி), ‘மஃபாதீஹ்!’. ‘ஸுந்தூக்!’ (பெட்டி), ‘ஸனாதீக்!’. ‘உஸ்ஃபூர்!’ (சிட்டு), ‘அஸாஃபீர்!’. பொருள் தெரியாத சொல்லைத் தருவார், அதற்கும் சரியாகச் சொல்லிவிடுவோம். எப்படி என்று எங்களுக்கே தெரியாது. கல்லூரியில் தமிழ் யாப்பு படித்த பிறகுதான் அந்த மேசைத் தட்டு எனக்கு விளங்கியது. மிஃப்/தாஹ் என்பது நேர் நேர், தேமா. மஃபா/தீஹ் என்பது நிரை நேர், புளிமா. (ஃப் என்பதை ஓர் எழுத்தாகக் கொள்ளுங்கள்.) ஸுந்/தூக் தேமா; ஸனா/தீக் புளிமா. ஹஜ்ரத் எங்களைப் புளிமாவுக்குப் பழக்கியிருந்தார், அந்தப் பெயர் சொல்லாமல்.

இப்போது ஒரு சொல்லை நீங்களே உடையுங்கள். ஃபின்ஜான், காப்பிக் கோப்பை. மெய்களை மட்டும் எடுங்கள்: ஃப், ன், ஜ், ன். முதல் மெய்க்கு அ, இரண்டாவதற்கு ஆ. ஃபனா. இது எல்லாச் சொல்லுக்கும் மாறாதது. ஒருமையில் இகரம் இருந்ததா உகரம் இருந்ததா என்று பார்க்கவே வேண்டாம். மூன்றாவது மெய்க்கு இகரம். அது குறிலா நெடிலா என்பதற்கு மட்டும் ஒருமையைத் திரும்பிப் பாருங்கள். கடைசி அசையில் நெடில் (ஜான்) இருப்பதால் இங்கும் நெடில்: ஃபனாஜீன். திர்ஹமில் கடைசி அசை குறில், ஆகவே தராஹிம். மஸ்ஜித், மஸாஜித். மக்தப் (அலுவலகம்), மகாதிப். நம் ஊருக்கே வந்துவிட்ட மகசூல், அங்கே மஹ்ஸூல், பன்மை மஹாஸீல். தமிழெழுத்து குறில் நெடிலைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதால், தமிழில் எழுதிப் பழகுகிறவர் இதைத் தவறவிடக் கூடாது.

பெண்பாலைக் காட்ட ஈற்றில் வரும் தா மர்பூதா என்ற எழுத்து பெரும்பாலும் உதிர்ந்துவிடும்: மத்ரஸா, மதாரிஸ். முதல் மெய்யை அடுத்து நெடில் ஆகாரம் வந்தால் அது பல சொற்களில் ஒரு மெய்யாக எண்ணப்பட்டு ‘வா’ ஆகிவிடும்: ஸாஹில் (கரை), ஸவாஹில். கிழக்கு ஆப்பிரிக்கச் சுவாஹிலியின் பெயர் இந்தப் பன்மையிலிருந்து வந்ததுதான். ஐந்து மெய் வந்தால்? ஒன்றை வெட்டிவிடுவார்கள். அன்கபூத் (சிலந்தி), அனாகிப்; கடைசி தகரம் போயிற்று. பாரசீகத்திலிருந்து வந்த பர்னாமஜ் (நிகழ்ச்சி, கணினி நிரல்), பராமிஜ்; நடுவிலிருந்த னகரம் போயிற்று. புளிமாவுக்குள் நுழைவதற்காக மெய்யையே தியாகம் செய்கிற மொழியிடம் ஒழுங்கு இல்லை என்கிறீர்கள்.

1990இல் ஜான் மெக்கார்த்தி, ஆலன் பிரின்ஸ் என்ற இரு மொழியியலாளர்கள் இதை அசைக் கணக்கு வைத்தே விளக்கினார்கள். இலேசான அசை, அடுத்துக் கனமான அசை என்ற ஓர் அச்சு பன்மையின் தொடக்கத்தில் வைக்கப்படுகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நம் நிரைக்கு அது முற்றிலும் சமம் அல்ல. ஆனாலும் நம் காதுக்கு நிரையே போதும். உங்கள் குட்டிச் சொற்களையும் இப்போது பாருங்கள்: குதுப், புயூத், ரிஜால் (ஆண்கள்), குரஃப் (அறைகள்) எல்லாம் ஒற்றை நிரை. வஸீர், வகீல் போன்ற மனிதப் பெயர்கள் வுஸரா, வுகலா ஆகும்போது மறுபடி புளிமா. இதில் அடங்காதவை உண்டு. அக்லாம், அவ்லாத், அஸ்இலா போல ‘அ’ முன்வந்து ஒட்டுகிறவை ஒரு கூட்டம். காதிப் (எழுத்தர்) குத்தாப் ஆவதுபோல நடுமெய் இரட்டிப்பவை இன்னொன்று.

மூன்று மெய்ச் சொற்களில் அசை தெரிந்தாலும் எந்த உயிர் என்று தெரியாது. அங்கே மனப்பாடம் தவிர வழியில்லை. ஆனால் அகரவரிசையில் அல்ல! அந்த நோட்டை முதலில் மூடுங்கள். ஒருமையின் உருவத்தை வைத்துப் பக்கம் பிரியுங்கள். குர்ஃபா, ஜும்லா (வாக்கியம்), ஸூரா (படம்) ஒரு பக்கம்: குரஃப், ஜுமல், ஸுவர். இந்தப் பக்கம் பெரும்பாலும் ஏமாற்றாது. கிஸ்ஸா (கதை), ஹிக்மா (ஞானம்) அடுத்த பக்கம்: கிஸஸ், ஹிகம். கலம், வலத் (பையன்), ஸபப் (காரணம்) இன்னொரு பக்கம்: அக்லாம், அவ்லாத், அஸ்பாப். முரடர்கள் கல்ப், பஹ்ர், ஷஹ்ர் என்று நடுமெய்யில் உயிரில்லாதவர்கள்தான். தெரியாதபோது புயூத் உருவத்தை ஊகியுங்கள். பல நேரம் சரியாக இருக்கும், சில நேரம் இருக்காது. இதயமான கல்ப், குலூப் ஆகும். நாயான கல்ப், கிலாப் ஆகும். (அரபில் இரண்டின் ககரமும் வேறு வேறு. தமிழெழுத்தை நம்பி வளைகுடாவில் யாரிடமும் அன்பைத் தெரிவித்துவிடாதீர்கள்.)

ஒருமையைத் தனியாக ஒருநாளும் எழுத வேண்டாம். ஜோடியாக எழுதி, ஜோடியாக உரக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து களைத்து வந்து, விளக்கடியில் உட்கார்ந்து மௌனமாகப் பார்த்தால் எந்த மூளைக்கும் ஏறாது. உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது; அதற்காகவே சொல்கிறேன், பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு பள்ளம் மட்டும் எச்சரிக்கிறேன். புளிமா கைவந்ததும் எல்லாவற்றையும் உடைக்கத் தோன்றும். முஅல்லிமை (ஆசிரியர்) மஆலிம் ஆக்கிவிடுவீர்கள்; அது மஅலம் என்ற அடையாளச் சின்னத்தின் பன்மை. ‘மு’வில் தொடங்கி ஒரு தொழில் செய்பவரைக் குறித்தால் கை வைக்காதீர்கள்: முஅல்லிமூன், முஹந்திஸூன் (பொறியாளர்கள்). முஷ்கிலா (சிக்கல்) மஷாகில் ஆவது போன்ற சிலவற்றை அகராதி காட்டிக்கொடுக்கும். நூலகமான மக்தபாவும் உடையாமல் மக்தபாத் ஆகும். மகாதிப் என்று சொன்னால் கேட்பவர் அலுவலகங்களைத் தேடுவார்.

இந்த நான்கையும் உடைத்து எழுதி அனுப்புங்கள்: ஸவ்ரக் (படகு), திம்ஸால் (சிலை), குன்ஃபுத் (முள்ளெலி), சிக்கீன் (கத்தி). கடைசிச் சொல்லில் இரட்டித்த ககரத்தை இரண்டு மெய்யாக எண்ண வேண்டும்.