குரல் நாணில் ஆரம்ப நிலைப் புற்று: லேசரா, கரண்டா?

"அப்பாவுக்கு 57 வயது. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் ஏலம் கூறுபவர். நாலு மாதமாகத் தொண்டை கட்டியே இருந்தது. சதைப் பரிசோதனையில் இடது குரல் நாணில் புற்றுநோய், டி1ஏ நிலை என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் லேசர் ஆபரேஷன் போதும் என்கிறார். இன்னொருவர் 28 நாள் கரண்ட் வைக்கலாம் என்கிறார். எதில் நோய் போகும், எதில் அப்பாவின் குரல் தப்பும்? பிறகு எவ்வளவு நாள் செக்கப்புக்குப் போக வேண்டும்?"

இரண்டு டாக்டர்கள் சொன்னதும் முறையான சிகிச்சைதான். கரண்ட் என்று நாம் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. டி1ஏ என்றால் கட்டி ஒரே நாணில் மட்டும் இருக்கிறது, அந்த நாணும் வழக்கம்போல் அசைகிறது என்று பொருள். குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் இந்தக் கட்டத்தில் நோய் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் போவது அரிது. கழுத்தைத் திறக்கவோ கீமோ கொடுக்கவோ தேவையில்லை. லேசரானாலும் கரண்டானாலும், ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஒரே சிகிச்சையோடு அந்த இடத்தில் நோய் அடங்கிவிடுகிறது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: குரல் எப்படி இருக்கும், பத்தில் ஒருவராக நோய் திரும்பினால் அப்போது கையில் என்ன வழி மிச்சமிருக்கும்.

முதலில் குரல். குரல் நாண் ஒரு தட்டையான தசைத் துண்டு இல்லை. மேலே மெல்லிய சவ்வு, அதன் கீழே கூழ்போன்ற தளர்ந்த அடுக்கு, அதற்கும் கீழே நார், அடியில் தசை. மூச்சுக்காற்று மோதும்போது மேல்சவ்வு அந்தக் கூழின் மீது அலையாக வழுக்குவதுதான் குரல். கட்டி சவ்வோடு நின்றிருந்தால் லேசர் அந்தத் தோலை மட்டும் உரித்தெடுக்கும். கீழடுக்குகள் தப்பும், ஆறிய பிறகு குரல் ஏறக்குறைய பழையபடி வந்துவிடும். நார்வரை இறங்கியிருந்தால் கொஞ்சம் கரகரப்பு நிற்கும். தசையையும் வெட்ட வேண்டியிருந்தால் நாணில் ஒரு பள்ளம் விழும். பேசும்போது இரண்டு நாண்களும் முழுதாகச் சேராது, நடுவில் காற்று கசியும். வீட்டில் பேசுவதற்கு அது போதும். மண்டியில் நூறு பேர் நடுவே விலை கூவுவதற்குப் போதாது. "லேசர் வைத்தால் குரல் போகுமா?" என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். எவ்வளவு ஆழம் வெட்டப் போகிறார் என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்.

அந்த ஆழத்தை முன்கூட்டியே ஓரளவு அறிய ஸ்ட்ரோபோஸ்கோப்பி என்ற பரிசோதனை இருக்கிறது. மின்னி மின்னி எரியும் விளக்கோடு கேமராவில் பார்த்தால் அந்த அலை மெதுவாக நகர்வது தெரியும். கட்டி இருக்கும் இடத்திலும் அலை ஓடினால் நோய் மேலோடு நிற்கிறது என்று நம்பலாம். அலை அங்கே நின்றுவிட்டால் ஆழமாக இறங்கியிருக்கக்கூடும். சதை எடுத்த தழும்பாலும் அப்படி நிற்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

கரண்ட் சிகிச்சையில் வெட்டு இல்லை, பள்ளமும் இல்லை. ஆனால் கதிர் கட்டியை மட்டுமல்ல, இரண்டு நாண்களையும் தொடும். பின்னாளில் நாண்கள் கொஞ்சம் விறைத்தும் வறண்டும் போகலாம். பின்லாந்தில் டி1ஏ நோயாளிகள் 60 பேரைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லேசரும் மறு பாதிக்குக் கரண்டும் கொடுத்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் கேட்டு மதிப்பிட்டபோது மொத்தத்தில் இரு தரப்புக் குரலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் லேசர் தரப்பில் காற்றுக் கசிவு அதிகம் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, கரகரப்பால் அன்றாடம் படும் சிரமம் கரண்ட் தரப்பில் குறைவு என்று நோயாளிகளே சொன்னார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் குரலை வைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு இதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

அடுத்து, நோய் திரும்பினால் என்ன வழி. லேசருக்குப் பிறகு திரும்பினால் மறுபடி லேசர் வைக்கலாம், அல்லது இதுவரை தொடாத கரண்டைக் கொடுக்கலாம். கரண்டுக்குப் பிறகு திரும்பினால் அதே இடத்துக்கு முழு அளவில் இன்னொரு முறை கரண்ட் பொதுவாகக் கொடுப்பதில்லை. மிகச் சின்னதாக இருக்கும்போதே கண்டால் லேசரோ பகுதி அறுவையோ செய்யலாம். தாமதமானால் குரல்வளையையே எடுத்துவிட்டு, கழுத்தில் துளை வழியே மூச்சு விட வேண்டிய நிலை வரலாம். லேசரைப் பல மருத்துவர்கள் முதலில் வைப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

ஆனால் லேசர் எல்லோருக்கும் பொருந்தாது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியே நேரான உலோகக் குழாயை இறக்கி, நுண்ணோக்கியில் பார்த்தபடி வெட்டுவார்கள். கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்க்க முடியாதவர்களுக்கும், மேல்பல் துருத்தியவர்களுக்கும், பான்பராக், ஹான்ஸ் பழக்கத்தால் வாய் இரண்டு விரல்கூடத் திறக்காதவர்களுக்கும் நாணின் முன்பகுதி கண்ணிலேயே படாது. பார்க்க முடியாத இடத்தில் முழுதாக வெட்டவும் முடியாது. இரண்டு நாண்களும் முன்னால் சேரும் முனை இருக்கிறதே, அதுதான் இன்னொரு சிக்கல். அங்கே குருத்தெலும்பு சவ்வுக்கு மிக அருகில் இருப்பதால் கட்டி உள்ளே நுழையச் சுலபம், இரு பக்கமும் வெட்டினால் ஆறும்போது நாண்கள் ஒட்டிக்கொண்டு தோல்போல ஒரு சவ்வு விழும். கட்டி அந்த முனையைத் தொட்டிருந்தால் அனுபவம் குறைந்த கையில் லேசர் வேண்டாம் என்பேன்.

கரண்டில் நடப்பதையும் சொல்கிறேன். கழுத்து அசையாமலிருக்க முகத்துக்கு அளவெடுத்து வலைபோன்ற முகமூடி செய்வார்கள். பிறகு வாரத்துக்கு 5 நாள், தினமும் சில நிமிடம். கதிரை அளக்கும் அலகு கிரே; 28 நாள் என்றால் ஒரு நாளுக்கு 2.25 கிரே, மொத்தம் 63 கிரே. ஜப்பானில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில் தினம் 2 கிரே கொடுத்தவர்களில் 77 சதவீதத்தினருக்கும், 2.25 கொடுத்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும் 5 வருடத்தில் அந்த இடத்தில் நோய் அடங்கியிருந்தது. தினசரி அளவைச் சற்றுக் கூட்டி நாளைக் குறைப்பது அதனால்தான். நடுவில் நாள் விட்டுவிட்டால் புற்றணுக்கள் மீண்டும் பெருகும். மெஷின் பழுதாலோ காய்ச்சலாலோ ஒரு நாள் போனால் அதை எப்படி ஈடுகட்டுவார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, கடைசியில் பார்க்கலாம்" என்பதோடு திரும்பாதீர்கள்.

கதிர் படும் இடம் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பரப்புதான். எச்சில் சுரப்பிகள் அதற்கு வெளியே இருப்பதால், வாய்ப் புற்றுக்காரர்களுக்கு வருவதுபோல் வாய் காய்ந்துபோகாது. மூன்றாம் வாரம் முதல் விழுங்கும்போது வலிக்கும், குரல் முன்னைவிட மோசமாகும், சில நாள் எழும்பாமலே போகலாம். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆறத் தொடங்கி, 3 முதல் 6 மாதம்வரை குரல் தேறிக்கொண்டே வரும். அப்பாவுக்குப் பீடியோ சிகரெட்டோ இருந்தால் இப்போதே நிற்க வேண்டும். சிகிச்சை நடக்கும்போதும் புகைப்பவர்களுக்கு நோய் அடங்குவதும் குறைவு, குரல் தேறுவதும் குறைவு.

உங்கள் அப்பாவின் இடத்தில் வைத்துச் சொல்கிறேன். கட்டி நாணின் நடுப்பகுதியில், முன்முனையை விட்டு விலகி, அலை ஓடும் அளவுக்கு மேலோட்டமாக இருந்து, வாயும் கழுத்தும் இடங்கொடுத்தால் லேசரைத் தேர்ந்தெடுப்பேன். ஒன்றிரண்டு நாள் ஆஸ்பத்திரி, குரலில் பெரிய நஷ்டமில்லை, கரண்ட் கையில் பத்திரமாக இருக்கும். தசைவரை வெட்ட வேண்டும் என்றோ, முனையைத் தொட்டிருக்கிறது என்றோ சொன்னால், ஏலக் குரலை நினைத்துக் கரண்டுக்குப் போவேன். ஸ்கோப் வீடியோவை வாங்கிக்கொண்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் சேர்ந்து உட்காரும் ஒரு மருத்துவமனையில் காட்டுங்கள்.

லேசர் ஆனால் முதல் வாரம் பேசாமலிருக்கச் சொல்வார்கள். கிசுகிசுப்பதும் வேண்டாம், அதிலும் நாண்கள் இறுகும். வெட்டிய விளிம்பில் நோய் இருப்பதாக அறிக்கை வந்தால் பதற வேண்டாம்; லேசர் சூடு விளிம்பைக் கருக்குவதாலும் இப்படி வரலாம், ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி உள்ளே பார்ப்பார்கள். ஒன்றரை மாதத்தில் அதே இடத்தில் சிவந்த சதை முளைப்பதும் உண்டு. பெரும்பாலும் அது ஆறும் சதைதான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பள்ளம் நிலைத்துவிட்டால், நோய் இல்லை என்று உறுதியான பிறகு, நாணுக்குள் கொழுப்பை ஊசியில் ஏற்றி மேடாக்கும் வழியும் இருக்கிறது.

செக்கப் விஷயத்தில்தான் பலர் தவறவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவருக்குக் கரண்ட் முடிந்து நாலாம் மாதம் குரல் தெளிவாக வந்துவிட்டது. எட்டாம் மாதம் மறுபடி கம்மியது. "கரண்ட் சூடு, போகப் போகச் சரியாகும்" என்று பக்கத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிட்டு, பதினொன்றாம் மாதம் வந்தார். நாண் அசையாமல் நின்றிருந்தது. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் லேசரில் முடிந்திருக்கக்கூடிய நோய்க்கு, குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. கரண்டால் கெட்ட குரல் மெல்ல மெல்லத் தேறும். தேறிய குரல் திரும்பக் கெட்டால், அது வேறு.

அதனால் முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் வருடம் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஐந்து வருடம்வரை நாலு முதல் எட்டு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடா வருடம். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் திரும்புகிறது என்பதால்தான் தொடக்கத்தில் இவ்வளவு நெருக்கம். ஒவ்வொரு முறையும் கேமராவில் நாணைப் பார்க்க வேண்டும்; கழுத்தைத் தடவிப் பார்த்து அனுப்பினால் அது செக்கப் ஆகாது. கரண்ட் வைத்தவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை தைராய்டு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். புகைத்தவர்களுக்கு நுரையீரலிலும் வாயிலும் தனியாக இன்னொரு புற்று வரக்கூடும். தீராத இருமல், எச்சிலில் ரத்தம், ஆறாத வாய்ப்புண் எதையும் அடுத்த தேதிவரை தள்ளிப்போட வேண்டாம். ஆறு மாதம் கடந்தும் குரல்வளை வீக்கம் வற்றாவிட்டாலோ, காதுக்குள் வலி இழுத்தாலோ, மூச்சு இரைந்தாலோ உடனே போங்கள்.

இன்று செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. சிகிச்சைக்கு முன்பே அப்பாவை ஒரு நிமிடம் பேசச் சொல்லி போனில் பதிவு செய்துவையுங்கள். அவருக்குப் பழக்கமான ஏல வார்த்தைகளே போதும். பிறகு மாதத்தில் ஒரே தேதியில், அதே வார்த்தைகளை, போனை அதே தூரத்தில் வைத்துப் பதியுங்கள். தினமும் கூடவே இருப்பவர்களுக்குக் குரல் மெல்லக் கெடுவது தெரியாது. ஐந்தாம் மாதத்தையும் எட்டாம் மாதத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். மண்டிக்குத் திரும்பும்போது கழுத்தில் மாட்டும் சின்ன மைக்கோடு போகட்டும். குரல் பயிற்சியாளர் சரி என்று சொல்லும்வரை கூவ வேண்டாம்.