வட்டியில்லாத் தவணையா, ரொக்கத் தள்ளுபடியா?

கேள்வி: ஐயா, எங்களுக்குச் சிவகிரி. ஈரோட்டில் ஒரு கடையில் ஃபிரிட்ஜ் பார்த்தோம், விலை 36,000. மொத்தமாகக் கட்டினால் 33,500-க்குத் தருகிறார்கள். தவணை என்றால் வட்டி கிடையாது, மாதம் 3,000 வீதம் 12 தவணை. அதில் 4 தவணையை வாங்கும் அன்றே கட்ட வேண்டும். பிராசசிங் கட்டணம் 600, அதற்கு ஜி.எஸ்.டி. தனி. மஞ்சள் விற்ற பணம் பேங்கில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர், "வட்டியே இல்லாத கடனை எதற்கு விடணும், பணம் எஃப்.டி.யில் கிடக்கட்டும்" என்கிறார். எது எங்களுக்கு லாபம்?

பதில்: மொத்தமாகக் கட்டி வாங்குங்கள். உங்கள் கணக்கில் வித்தியாசம் சுமார் 2,600 ரூபாய்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிறகு கொடுக்கும் பணம் அதுவரை நம்மிடம் இருந்து சம்பாதிக்கும். அதனால் எட்டு மாதம் கழித்துக் கட்டும் 3,000 ரூபாயும் இன்று கட்டும் 3,000 ரூபாயும் ஒன்றாகாது. எஃப்.டி.க்கு ஆண்டுக்கு 7 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டாவது மாதம் கட்ட வேண்டிய 3,000-க்கு இன்று 2,864 ரூபாய் ஒதுக்கினால் போதும், மீதியை வட்டி நிரப்பிவிடும். அடுத்த மாதத் தவணைக்கு 2,983 ஒதுக்க வேண்டும். இப்படி எட்டுத் தவணைக்கும் இன்று ஒதுக்க வேண்டிய தொகையைக் கூட்டினால் 23,382 வருகிறது. இதைத்தான் இன்றைய மதிப்பு என்கிறோம்.

அதாவது 24,000 ரூபாயைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதால் உங்களுக்கு மிஞ்சுவது 618 ரூபாய். வட்டியில்லாக் கடன் உங்களுக்குத் தரும் மொத்த நன்மையே இவ்வளவுதான். பிராசசிங் கட்டணம் 600, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 708. கட்டணமே அந்த நன்மையை விழுங்கிவிடுகிறது. கடை ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி தராமல் இருந்தாலும் இந்தத் தவணை உங்களுக்கு நட்டம்தான்.

இப்போது கூட்டுங்கள். முதல் நாள் 12,000, கட்டணம் 708, மீதித் தவணைகளின் இன்றைய மதிப்பு 23,382. ஆக மொத்தம் 36,090. அதே ஃபிரிட்ஜ் ரொக்கத்துக்கு 33,500.

முன்கூட்டிக் கட்டும் அந்த நான்கு தவணையைப் பலரும் கவனிப்பதில்லை. பேச்சில் "12 மாதக் கடன்" என்று வரும். உண்மையில் கடன் எட்டு மாதத்துக்குத்தான். தொகையும் 36,000 இல்லை. ஃபிரிட்ஜின் ரொக்க விலை 33,500. அதில் 12,708-ஐ நீங்களே முதல் நாள் எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு உண்மையில் கடனாகக் கிடைப்பது 20,792 ரூபாய். அதற்கு எட்டு மாதத்தில் 24,000 திருப்பிக் கட்டுகிறீர்கள். கூடுதலாகப் போவது 3,208.

நம் பக்கம் வட்டியை வருடக் கணக்கில் யாரும் பேசுவதில்லை, நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் கேட்போம். அப்படியே போட்டுப் பார்ப்போம். முதல் தவணை ஒரு மாதத்தில், கடைசித் தவணை எட்டு மாதத்தில். ஆகவே கடன் சராசரியாக நாலரை மாதம் உங்களிடம் இருக்கிறது. 3,208-ஐ 20,792-ஆல் வகுத்து, அதை 4.5-ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் சுமார் 3.4 வரும். கைக்கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டும். போனில் கூகுள் ஷீட்ஸ் திறந்து இதைப் போட்டால் சரியான விடை கிடைக்கும்:

```
=RATE(8,-3000,20792)
```

விடை மாதத்துக்கு 3.3 சதவீதம். நூற்றுக்கு மூன்று ரூபாய் முப்பது காசு வட்டி! ஊரில் ஒருவர் இந்த வட்டி கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். பலகையில் பூஜ்யம் என்று எழுதியிருப்பதால் கையெழுத்துப் போடுகிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. கடன் கொடுக்கும் நிறுவனம் சும்மா கொடுப்பதில்லை. அதன் வட்டியைக் கடையோ, ஃபிரிட்ஜ் தயாரித்த கம்பெனியோ ஏற்றுக்கொள்கிறது. ரொக்கமாக வாங்குகிறவருக்கு அந்தச் செலவு இல்லை, அதனால் 2,500 குறைக்க முடிகிறது. நீங்கள் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடிதான் அந்த வட்டி. பூஜ்யம் சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதியது. 2024 அக்டோபர் 1 முதல், இப்படிப்பட்ட கடன்களுக்கு எல்லாச் செலவையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று காட்டும் விவரத் தாள் தர வேண்டும் என்பதும் விதி. அதைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆனால் அதில் கட்டணம்தான் தெரியும். நீங்கள் இழந்த 2,500 கடனுக்கு வெளியே நடந்த விஷயம், அந்தத் தாளில் வராது. அதை நீங்கள்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, கையில் பணமே இல்லாத வீடாக இருந்தால்? அப்போதும் முதல் நாள் 12,708 எப்படியும் வேண்டும். மீதி 20,792-ஐ நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் நகைக் கடனாக வாங்கி, எட்டு மாதத்தில் சமமாக அடைத்தால் மாதம் சுமார் 2,717 ரூபாய்தான் ஆகும். கடைத் தவணை 3,000. இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால்கூட மொத்தச் செலவு இன்றைய மதிப்பில் 33,500-தான். அதே இரண்டு ரூபாய் வட்டியில் கடைத் தவணையைக் கணக்கிட்டால் 34,684 வருகிறது. நகைக் கடனை மட்டும் மாதாமாதம் அடைக்க வேண்டும். வட்டியைக் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போனால் இந்தக் கணக்கு நிற்காது.

தவணை லாபமாக இருக்கும் இடமும் உண்டு. இதே ஃபிரிட்ஜுக்கு முன்தவணை இல்லை, கட்டணமும் இல்லை, அடுத்த மாதம் தொடங்கி 12 மாதம் 3,000 என்றால் அதன் இன்றைய மதிப்பு 34,671. கடை 1,000 ரூபாய் மட்டும் குறைத்து 35,000 கேட்டால் அப்போது தவணையையே எடுங்கள், 329 ரூபாய் மிச்சம். தள்ளுபடி 1,329-க்கு மேல் போனால் ரொக்கம் லாபம். ஆனால் இந்த மிச்சம் சிறியது. ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால், கடன் நிறுவனமும் பேங்கும் தனித்தனியாகப் பிடிக்கும் அபராதத்திலேயே போய்விடும். மஞ்சள் பணம் வருடத்துக்கு ஒருமுறை வரும் வீட்டில், மாதாமாதம் ஒரு தேதியில் 3,000 இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைக்குப் போனால் முதலில் தவணைப் பேச்சே எடுக்காதீர்கள். மொத்தமாகக் கட்டினால் கடைசி விலை என்ன என்று கேட்டு, அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். யு.பி.ஐ., டெபிட் கார்டில் கட்டினாலும் அதே விலையா என்றும் கேளுங்கள். பில்லில் கூடுதல் வாரண்டி, இன்சூரன்ஸ் என்று நீங்கள் கேட்காத செலவு ஏதாவது ஏறியிருந்தால் பணம் கட்டும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள். 33,500 போக, தவணைக்கு ஒதுக்கியிருப்பதில் மிஞ்சும் 2,590-ஐ வீட்டுக்காரர் ஆசைப்படியே எஃப்.டி.யில் போட்டு வையுங்கள்.