வேலையை விடாமலே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வது எப்படி?

கேள்வி: "வேலையை விட முடியாது, ஆனால் அழுத்தம் தாங்கவில்லை. இப்போதைய பொறுப்பிலேயே கடமைகளைச் சற்று மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா?"

இருக்கிறது. இதற்கு ஜாப் கிராஃப்டிங் என்று பெயர். ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் இதை விரிவாக எழுதினார்கள். செய்யும் பணிகள், பழகும் மனிதர்கள், வேலையை நாம் பார்க்கும் பார்வை ஆகிய மூன்றையும் ஊழியரே தம் பொறுப்பின் எல்லைக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். முதலில் பணிகளில் கைவைப்பதே நல்லது என்பது என் கருத்து. பார்வையை மட்டும் மாற்றிக்கொண்டால் மேசையில் இருக்கும் சுமை அப்படியேதான் இருக்கும்.

நான் கணக்குப் பிரிவில் பில்களைச் சரிபார்த்துப் பணம் வழங்க அனுமதிக்கும் வேலையில் இருக்கிறேன். பில்களின் எண்ணிக்கைதான் என்னை வாட்டுகிறது என்று வெகுநாள் நம்பியிருந்தேன். பிறகு இரண்டு வாரங்கள், செய்த வேலை, பிடித்த நேரம், முடித்தபின் இருந்த மனநிலை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் அவ்வப்போது குறித்துவந்தபோது, என்னைக் களைப்படையச் செய்தது பில்கள் அல்ல, "என் பணம் எப்போது வரும்?" என்று இடையிடையே வந்த தொலைபேசி அழைப்புகள்தான் என்பது தெரிந்தது. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும், விட்ட பில்லை முதல் வரியிலிருந்து மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

உடனே அழைப்புகளைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் திருப்பிவிட்டேன். அது தவறு. மூன்றாம் நாளே அவர் முகம் வாடிவிட்டது. பதில் சொல்ல அவர் என்னிடமே வந்து கேட்க வேண்டியிருந்ததால் இடையூறும் குறையவில்லை. சுமையைக் கழற்றிவிடுவதை மட்டும் செய்தால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். கழிக்கும் இடத்தில் வேறொன்றைக் கூட்டவும் வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பில்லும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அனைத்துத் துறையினரும் பார்க்கும்படி ஒரு பொதுப் பட்டியலில் தினமும் பதியத் தொடங்கினேன். அதற்கு இருபது நிமிடங்கள் போதும். அழைப்புகளுக்குக் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அரைமணி நேரம் ஒதுக்கினேன். மேலாளரிடம், "நான்கு வாரம் முயன்று பார்க்கிறேன், தாமதம் கூடினால் பழையபடி மாற்றிவிடுகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற்றேன். காலக்கெடுவும் திரும்பும் வழியும் இருந்ததால் அவரும் தயங்கவில்லை.

நான்கு வாரம் கழித்து அதே நோட்டை மீண்டும் எழுதி ஒப்பிடுங்கள். இடையூறு குறைந்தும் மாலையில் அதே களைப்பு இருந்தால், அங்கே ஆள் பற்றாக்குறையோ முறையற்ற இலக்கோ இருக்கக்கூடும். அதை எந்த ஊழியரும் தம் இருக்கையிலிருந்தபடி சரிசெய்ய முடியாது. அந்த நிலையில் இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போய், கூடுதல் ஆள் வேண்டும் என்று நேரடியாகவே கேளுங்கள்.